முதல் பக்கத்தின் கடைசி வரி

எதையும் கடைசி வரை படிக்காமல் வாயைத் திறக்கிறவள் இல்லை சுகன்யா. மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளைக்கூட விரித்துப் படித்த பிறகுதான் மாமியாருக்கு மாத்திரையை எடுத்துக் கொடுப்பாள். அப்படிப்பட்டவள், அந்த வியாழக்கிழமை சாயங்காலம் செல்போனில் வந்த இரண்டே படங்களைப் பார்த்த கையோடு சட்டீஸ்கரில் இருந்த புருஷனைக் கூப்பிட்டுவிட்டாள்.

"ஏனுங்க, ஆர்டர் வந்திருக்குதுங்க. ரெண்டாயிரத்து இருபதுலருந்துன்னு போட்டிருக்குது."

அந்தப் பக்கம் கம்ப்ரசர் இரைச்சல். சிவபிரகாஷ், "என்னது? என்னது?" என்று இரண்டு தடவை கேட்டான். அவள் தெருவுக்கே கேட்கும்படி திரும்பவும் சொன்னாள். பிறகுதான் தான் கத்துகிறோம் என்று உறைத்து, வெட்கத்தோடு வீட்டுக்குள் போனாள்.

ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அவள் ஆய்வக உதவியாளர். வேதியியல் படித்தவள். பள்ளி அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் இடம் காலியாகி இரண்டு வருஷம் ஆகிறது. ஆய்வகத்தைப் பூட்டிய பிறகு சம்பளப் பட்டியல், பணிப்பதிவேடு எல்லாமும் அவள் தலையில்தான். தமிழ்நாடு முழுக்க இருந்த ஆய்வக உதவியாளர்கள், தங்கள் ஊதியத்தைக் குறைவாக நிர்ணயித்துவிட்டார்கள், ஒரு நிலை ஏற்றித் தர வேண்டும் என்று ஐந்தாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குழு போட்டார்கள், மனு வாங்கினார்கள், அப்புறம் சத்தமில்லை. இப்போது ஆணை வந்துவிட்டது.

மற்றவர்களுக்கு அது சம்பள உயர்வு. சுகன்யாவுக்கு அது சிவபிரகாஷ் வீட்டுக்கு வருகிற வழி.

சிவபிரகாஷ் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் டிரில்லர். போர்வெல் போடுகிற வண்டி. மழைக்காலத்தில் வண்டி நிற்கும்போது ஊருக்கு வருவான். மண் காய்ந்ததும் கிளம்பிவிடுவான். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவன் வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு பள்ளிக்கூட வருஷம்கூட நிரம்பாது. அப்பாவின் இருதய ஆபரேஷனுக்காக வண்டி முதலாளி ஜெகதீஸ்வரனிடம் பெரிய தொகை அட்வான்ஸ் வாங்கியிருந்தான். ஆபரேஷன் நடந்தது, அப்பா பிழைக்கவில்லை, அட்வான்ஸ் மட்டும் நின்றது. ரிக் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அட்வான்ஸை மொத்தமாகக் கட்டிவிட்டுத்தான் வண்டியை விட்டு இறங்க முடியும். நூறும் ஆயிரமுமாகக் கொடுத்தால் முதலாளி வாங்கமாட்டார். "இருக்கட்டும்ப்பா, என்ன அவசரம்" என்பார். நல்ல டிரில்லரை யார் விடுவார்கள்?

ஐந்து வருஷத்துக்கு அரியர் வந்தால் அட்வான்ஸ் ஒரே நாளில் அடைந்துவிடும். பரமத்தி வேலூரில் ஒரு மோட்டார் பட்டறையில் ஆள் வேண்டுமென்று சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் வேலை விட்டு வீட்டுக்கு வருகிற புருஷன். மூன்று வருஷமாக அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். கதவைத் தட்டாமல் செருப்பைக் கழற்றும் சத்தம்.

மாமியார் உண்ணாமலை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாருகிட்ட சாமி அப்படிச் சத்தம் போட்டே? எம் பையன்கிட்டயா?"

"ஆமாங்கத்தை. அரியர் வரும்போல இருக்குதுங்க."

உண்ணாமலைக்கு அரியர் என்றால் என்னவென்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவசியமில்லை. மருமகள் சிரித்த சிரிப்பைப் பார்த்தாள். நேராக வாசலுக்குப் போய், சுவரோரம் நிற்க வைத்திருந்த மகனின் மோட்டார் சைக்கிளைப் போர்த்தியிருந்த தார்ப்பாயைப் பிரித்தாள். அவன் வரும் ஆனி மாதம் கழற்றி, கிளம்பும் புரட்டாசியில் மூடுகிற தார்ப்பாய் அது. இப்போது தை மாதம்.

"அத்தை, இன்னும் உறுதியாகலைங்க."

"உறுதியாகறப்ப ஆகட்டும். வண்டி தூசி புடிச்சுக் கெடக்குது." ஒரு குடம் தண்ணீரை எடுத்து வண்டியின் மேல் ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்கூடம் திருவிழாக்கோலம் பூண்டிருந்தது. அதாவது, கதிர்வேல் இருந்த இடம் மட்டும். கதிர்வேல் அந்தப் பள்ளியின் இன்னோர் ஆய்வக உதவியாளர், வயது ஐம்பது தாண்டியவர், சங்கத்தின் மாவட்டப் பொருளாளர். முன்பு பதிவு எழுத்தராக இருந்து மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் பதவி உயர்வில் ஆய்வகத்துக்கு வந்தவர். வியாழக்கிழமை வந்த அந்த இரண்டு படங்களையும் எல்லாருக்கும் அனுப்பியவர் அவர்தான். 'வெற்றி! வெற்றி! 1.1.2020 முதல் அமல்! அரியர் உறுதி!' என்று மேலே எழுதி, பட்டாசுப் படம் வேறு போட்டிருந்தார்.

"தங்கச்சி, எடுத்துக்கோ." மைசூர்பாகுப் பெட்டியை நீட்டினார். "ரெண்டா எடு. உம் புருசன் பங்குக்கும்."

"அண்ணா, ஆர்டர்ல எத்தனை பக்கங்க?"

"நாலு. நான் மொதப் பக்கமும் கடைசிப் பக்கத்து அட்டவணையும் படம் புடிச்சுப் போட்டேன். நடுவுல இருக்கறதெல்லாம் வழவழா கொழகொழா. மேற்படி, கீழ்ப்படி, பார்வையில் கண்டபடின்னு."

மைசூர்பாகு அவள் கையில் பொடிந்தது.

தலைமையாசிரியை சாரதாமணி அறைக்குள் கூப்பிட்டார். மேசையில் நாலு பக்கமும் அச்செடுத்து, ஊசி குத்தி வைத்திருந்தது. "சுகன்யா, சி.இ.ஓ. ஆபீஸ்ல இருந்து மெயில். நம்ம ஸ்கூல்ல யாரு யாருக்குப் பொருந்தும், எந்தத் தேதியிலருந்து, பாக்கி உண்டா இல்லையா, மூணும் ஒரே குறிப்பா சாயங்காலத்துக்குள்ள வேணும். எனக்கு இந்த மொழி தலைவலி. நீதான் பொறுமையா படிப்பே."

"சரிங்க மேடம்."

"என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு? இனிப்பு சாப்பிடலையா?"

"சாப்பிட்டேங்க மேடம்."

காகிதத்தை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனாள். பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பிப்பெட்டுகளைக் கழுவித் துணியில் பரப்பியிருந்தாள். அந்த மேசையின் மூலையில் உட்கார்ந்தாள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மூன்று சொற்களை இடைவெளி விட்டு எழுதினாள். யார். எப்போது. பாக்கி.

முதல் பக்கம். மேலே துறையின் பெயர், ஆணை எண், நாள். ஆணையின் நாள் இந்த மாதம் பத்தாம் தேதி. அதற்குக் கீழே 'படிக்கப்பட்டவை' என்று ஆறு கடிதங்களின் எண்கள். முதல் இரண்டு பத்திகள் பழைய கதை. சங்கங்கள் கோரின, குழு பரிந்துரைத்தது, இயக்குநர் கருத்துரு அனுப்பினார். இதெல்லாம் ஆணையல்ல, ஆணைக்கு வந்த வழி. மூன்றாவது பத்தியில்தான் 'அரசு கவனமாகப் பரிசீலித்து, கீழ்க்கண்டவாறு ஆணையிடுகிறது' என்று இருந்தது. நாலாவது பத்தி பக்கத்தின் அடியில் தொடங்கியது. அதன் வரிகளை அவள் வியாழக்கிழமையே மனப்பாடம் செய்திருந்தாள்.

'பள்ளிக் கல்வித் துறையில் முறையான காலமுறை ஊதியத்தில் பணிபுரியும் ஆய்வக உதவியாளர்களுக்குத் திருத்திய ஊதிய நிலையினை 1.1.2020 முதல்'

அங்கே பக்கம் முடிந்திருந்தது. முற்றுப்புள்ளி இல்லை. நேற்று அதை அவள் பார்த்தாள்தான். பார்த்தும் கண் அதைத் தாண்டிப்போனது.

பக்கத்தைத் திருப்பினாள்.

'கருத்தியலாகவும், பணப்பயனை இவ்வாணை வெளியிடப்படும் நாள் முதலும் வழங்கலாம்.'

வெளியே மைதானத்தில் பிள்ளைகள் கோ-கோ ஆடிக்கொண்டிருந்தார்கள். யாரோ விசில் ஊதினார்கள். சுகன்யா அந்த வரியை மறுபடி படித்தாள். பிறகு அடுத்த பத்திக்குப் போனாள். நின்றால் போகமுடியாது என்று தெரிந்து, நிற்காமல் போனாள்.

ஐந்தாவது பத்தி: கருத்தியலாக ஊதியம் நிர்ணயிக்கப்படும் காலத்துக்கு நிலுவைத் தொகை ஏதும் வழங்கப்படமாட்டாது. ஆறு: 1.1.2020 அன்று பெற்ற அடிப்படை ஊதியத்தைத் திருத்திய நிலையில் அதற்குச் சமமான கட்டத்தில், சமம் இல்லையென்றால் அடுத்த மேல் கட்டத்தில் பொருத்த வேண்டும். இடைப்பட்ட வருஷங்களின் ஊதிய உயர்வுகளையும் கணக்கில் கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பணியிடத்துக்கு வந்தவர்களுக்கு, வந்த நாள் முதல். விரும்பினால் அடுத்த ஊதிய உயர்வு நாளிலிருந்து புதிய நிலைக்கு வரலாம். விருப்பத்தை மூன்று மாதத்துக்குள் தர வேண்டும், தந்தால் தந்ததுதான், மாற்ற முடியாது. ஏழு: தொகுப்பூதியத்திலும் தற்காலிகமாகவும் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. எட்டு: கூடுதலாகப் பெற்றுவிட்டால் திருப்பிச் செலுத்துவதாக ஒவ்வொருவரிடமும் உறுதிமொழி வாங்க வேண்டும். ஒன்பது: நிதித்துறையின் இசைவோடு வெளியிடப்படுகிறது. அப்புறம் அட்டவணை, யாருக்கெல்லாம் நகல் என்ற வரிசை.

கருத்தியலாக என்றால் காகிதத்தில் மட்டும். ஐந்து வருஷமாக அவள் உயர்ந்த சம்பளத்தில் இருந்தாள். பணிப்பதிவேட்டில் சிவப்பு மையில் அப்படித்தான் எழுதப்படும். ஒவ்வொரு ஜூலையிலும் உயர்வு பெற்றதாக எழுதப்படும். கைக்கு வருவது இந்தப் பத்தாம் தேதியிலிருந்துதான். இந்த மாதச் சம்பளப் பட்டியலைப் பழைய கணக்கில் முன்பே அனுப்பியாயிற்று. ஆகையால் பாக்கி என்று உண்டானால், பத்தாம் தேதி முதல் மாதக் கடைசி வரைக்குமான வித்தியாசம். துணைப் பட்டியலாகப் போட வேண்டியது.

'பாக்கி' என்பதற்கு எதிரே அதை எழுதினாள். எழுத்து எப்போதும்போல நேராகத்தான் வந்தது.

கதவருகே நான்சி வந்து நின்றாள். பெற்றோர் ஆசிரியர் கழகம் மாதம் ஏதோ கொடுத்து வைத்திருக்கும் தற்காலிக ஆய்வகப் பணியாள். இயற்பியல் ஆய்வகம் முழுக்க அவள் பொறுப்பில்தான் ஓடியது.

"அக்கா, ஆர்டர் படிக்கறீங்களா?"

"ஆமா நான்சி."

"எம் பேரு வருமாக்கா? கதிர்வேல் சார் சொன்னாரு, ஆய்வக உதவியாளர்னுதான் போட்டிருக்குது, நீயும் அதே வேலைதானே பாக்கறேன்னு."

சுகன்யா தாளை அவள் பக்கம் திருப்பினாள். ஏழாவது பத்தியை விரலால் காட்டினாள். நான்சி குனிந்து படித்தாள். படித்து முடித்தும் குனிந்தே இருந்தாள்.

"சரிக்கா. சும்மாத்தான் கேட்டேன். எங்கம்மாகிட்ட நேத்தே சொல்லிப்போட்டேன், அதான்."

"நானும் சொல்லிட்டேன் நான்சி. எங்கூட்டுக்காரர்கிட்ட."

"உங்களுக்கு வருமில்லக்கா?"

"நேத்து சொன்ன மாதிரி வராது."

நான்சி ஒரு பிப்பெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதுல கறை இருக்குதுக்கா" என்று சொல்லிவிட்டுக் கழுவ எடுத்துப் போனாள்.

மத்தியானம் கதிர்வேல் வந்தார். சுகன்யா அவருக்கு இரண்டாம் பக்கத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், துடைத்துப் போட்டார்.

"அடக் கருமமே."

"உங்களுக்கு நீங்க இந்தப் போஸ்ட்டுக்கு வந்த தேதியிலருந்துதாங்ணா கருத்தியல். இருபதுலருந்துகூட இல்லை."

"எனக்கே இல்லையா? பட்டாசு வெடிச்சவனுக்கேவா!" தலையில் கை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். "மாவட்டம் பூரா அனுப்பி வெச்சேனே. நாமக்கல்ல இருந்து ஒருத்தன் போன் பண்ணி, ஊட்டுக்கு மேல் மாடி எடுக்கறேன்ங்கறான்." கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, ஒண்ணு சொல்லட்டா? பில்லு போடறவ நீ. அஞ்சு வருசத்துக்கும் அரியர் போட்டு அனுப்பு. கருவூலத்துல பாத்தா திருப்புவான். பாக்காம பாஸாச்சுன்னா நமக்கு லாபம்."

"அப்புறம் தணிக்கையில புடிப்பாங்கண்ணா."

"புடிக்கட்டும். புடிச்சா மொத்தமாவா கேப்பான்? மாசாமாசம் தவணையாப் பிடிப்பான். அதுக்குள்ள அவசரம் தீந்துபோயிருக்கும் பாரு."

அவர் விளையாட்டாகச் சொன்னாரோ வினையாகச் சொன்னாரோ, சொல்லிவிட்டு எழுந்து போனார். சுகன்யா உட்கார்ந்திருந்தாள். ஜெகதீஸ்வரன் தவணையில் வாங்கமாட்டார். அரசாங்கம் தவணையில் வாங்கும். முதலாளிக்கு மொத்தமாகக் கட்டிவிட்டு அரசாங்கத்துக்கு மாதாமாதம் கட்டலாம். அவன் இறங்கிவிடுவான். பிடிக்கிறவர்கள் பிடிக்கட்டும், அப்போது அவன் வீட்டில் இருப்பான். செருப்பைக் கழற்றும் சத்தம் காதில் கேட்டது. தப்பு என்று அவளுக்குத் தோன்றுவதற்கு முன்பே, கணக்கு சரியாக இருக்கிறது என்று தோன்றியது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

எட்டாவது பத்தியை மறுபடி எடுத்தாள். உறுதிமொழி. அதில் அவள் கையெழுத்திட வேண்டும். பட்டியலில் அவள் கையெழுத்து இருக்காது. சாரதாமணி மேடத்தின் கையெழுத்து இருக்கும். இந்த மொழி தலைவலி என்று சொல்லி அவளை நம்பி நீட்டிய இடத்தில் போடுகிற கையெழுத்து. மேடத்துக்கு அடுத்த வருஷம் ஓய்வு.

வெள்ளைத்தாளில் எழுதியிருந்த குறிப்பைச் செம்மையாகத் தட்டச்சு செய்தாள். பொருந்துவோர் இருவர். நடைமுறைக்கு வரும் நாள், இருவருக்கும் தனித்தனியே. பணப்பயன் ஆணை நாள் முதல். நிலுவை, கருத்தியல் காலத்துக்கு இல்லை. பொருந்தாதவர் ஒருவர், தற்காலிகப் பணி, பத்தி ஏழு.

சாரதாமணி படித்துப் பார்த்தார். "அப்ப அரியர் இல்லையா?"

"இந்த மாசத்துல இருபத்து சொச்சம் நாளுக்கு மட்டும் இருக்குங்க மேடம்."

"ஊரே மைசூர்பாகு சாப்பிட்டுச்சே." சிரிக்கப்போனவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "உன் வீட்டுக்காரர் எங்கம்மா இப்ப?"

"சட்டீஸ்கர்ங்க."

"ம்." கையெழுத்தைப் போட்டார். "விருப்பப் படிவம் எந்தத் தேதிக்குக் குடுக்கறதுன்னு நிதானமா கணக்குப் போட்டுப் பார்த்துக் குடு. அவசரப்படாதே. மாத்த முடியாதுன்னு நீதான் எழுதியிருக்கே."

சாயங்காலம் அவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. வாசலில் கழுவி நிறுத்திய வண்டியும் அதன் பக்கத்தில் மாமியாரும் இருப்பார்கள். காவிரித் தடுப்பணைப் பக்கம் நடந்தாள். பூங்கா வாசலில் மீன் வறுவல் கடைகளில் எண்ணெய் கொதித்தது. சேலத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் இலையைச் சுற்றி உட்கார்ந்து, முள்ளெடுத்துக் குழந்தைக்கு ஊட்டியது. சுகன்யா படித்துறையில் ஓரமாக உட்கார்ந்தாள். அணையில் தண்ணீர் குறைவுதான். மதகு ஒன்றில் மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

நேற்று ராத்திரி முழுக்க அவனுடைய போன் கிடைக்கவில்லை. வண்டி அடுத்த பாயிண்டுக்கு, துளை போடும் இடத்துக்கு, காட்டுக்குள் போயிருக்கும்; அங்கே செல்போன் கோபுரம் கிடையாது. இந்நேரம் அவன் மேனேஜரிடம் சொல்லியிருப்பான். மேனேஜர் முதலாளியிடம் சொல்லியிருப்பார். முதலாளி வேறு டிரில்லரைத் தேடத் தொடங்கியிருப்பார். நாளைக்கு அரியரும் இல்லை, வண்டியில் இடமும் இல்லை, அட்வான்ஸ் மட்டும் அப்படியே என்றானால் என்ன செய்வது? ஒருநாளும் அவசரப்படாதவள் ஒருநாள் அவசரப்பட்டதற்கு இதுவா?

போன் அடித்தது. கம்ப்ரசர் சத்தம் இல்லை. காற்றுச் சத்தம்.

"மேட்டு மேல ஏறி நிக்கறேன். சொல்லு அம்மிணி."

"ஏனுங்க, ஓனர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"என்னன்னு?"

"எறங்கறேன்னு."

"எறங்கச் சொல்லி நீ எங்க சொன்ன?"

"நேத்து சொன்னேனே."

"நேத்து நீ, ஆர்டர் வந்திருக்குதுன்னு சொன்ன. படிச்சேன்னு சொல்லல." அவன் சிரித்தான். "மாத்திரைத் தாளப் படிக்கறவளாச்சே. படிச்சிட்டுக் கூப்புடுவேன்னுதான் இன்னைக்கு எப்படா வேலை முடியும்னு ஓடியாந்தேன். படிச்சியா?"

மூன்று வருஷத்தில் அவ்வளவு கொஞ்சநாள் கூட இருந்தவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று நினைத்தாள்.

"படிச்சேங்க." நாலாவது பத்தியைச் சொன்னாள். ஐந்தாவதைச் சொன்னாள்.

"அப்ப அஞ்சு வருசமும் வெறும் காயிதத்துல."

"ஆமாங்க. இந்த மாசத்துலருந்து சம்பளம் கூடும். அதை எடுத்து வெச்சா, அடுத்த சீசன் தாண்டி, அதுக்கும் அடுத்த மழைக்குள்ள மொத்தமாக் கட்டிடலாம்ங்க."

"அதுக்கும் அடுத்த மழை." மெதுவாகச் சொன்னான். பிறகு குரலை மாற்றிக்கொண்டான். "இங்க என்ன கூத்துத் தெரியுமா? ஓனர்கிட்டதான் சொல்லல. நம்ம சமையக்காரர் சென்றாயண்ணன்கிட்ட லேசா வாய உட்டுட்டேன். மனுசன் நேத்து சேமியா பாயசம் வெச்சுப்போட்டாரு. எங்கியோ போயி முந்திரி வேற வாங்கியாந்திருக்கறாரு. பூரா டீமும் குடிச்சிட்டு என்னையப் பாத்துப் பல்ல இளிக்கறானுங்க. இப்பப் போயி, பாயசத்தத் திருப்பிக் குடுங்கடான்னா குடுப்பானுங்களா?"

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது.

"பேக்கைக் கட்டிட்டீங்களா?"

காற்றுச் சத்தம் குறைந்தது. மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டான் போல.

"எடுத்துத் தட்டி வெச்சேன். அவ்வளவுதான். செவப்பு மண்ணு ஏறிக் கெடந்துச்சு."

ஆற்றில் பரிசல்காரர் ஒருவர் பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

"இதக் கேளு," என்றான் அவன். "உங்க கவர்மெண்டு மாதிரி நானும் பண்ணிடறேன். நேத்துலருந்து கருத்தியலா நான் ஊட்டுக்கு வந்துட்டேன்னு வெச்சுக்க. பணப்பயன் பொறவு."

"போங்க."

"ஏன், கணக்குல எழுத மாட்டியா?"

"எழுதறேன். ஆனா போன நாளுக்கெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க. அஞ்சாவது பத்தியில தெளிவாப் போட்டிருக்குது."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கனமாகப் போய் விழுந்தது என்று தெரிந்தது. இரண்டு பேரும் அப்படியே போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவன் அந்த மேட்டிலும் இவள் இந்தப் படித்துறையிலும் இருந்தார்கள். கடைசியில் அவன், "இருட்டுது, எறங்கறேன். நீ ஊட்டுக்குப் போ," என்றான்.

வீட்டு வாசலில் உண்ணாமலை வண்டியின் கண்ணாடியைத் தன் பழைய சேலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மருமகளின் நடையைப் பார்த்தே கை நின்றது.

"இல்லியா சாமி?"

"இல்லீங்கத்தை. இப்ப இல்லை. நான் சரியாப் பாக்காம சொல்லிட்டேன்."

உண்ணாமலை துணியை உதறி மடித்தாள். "சரி, வா. கையக் கழுவு. சோறு வெச்சிருக்கறேன்." ராத்திரிச் சோற்றுக்கு அவள் மகனுக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு கடைந்திருந்தாள். சுகன்யா அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டாள்.

சனிக்கிழமை காலையில் சுகன்யா விருப்பப் படிவத்துக்காக இரண்டு வகையிலும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். 1.1.2020 என்று கொடுத்தால் ஒரு மாதிரி வந்தது, அந்த வருஷத்து ஜூலை உயர்வு நாளிலிருந்து என்று கொடுத்தால் ஒரு கட்டம் கூடுதலாக வந்தது. இன்னொரு தடவை போட்டாள். அப்படியேதான் வந்தது. மாதாமாதம் கொஞ்சம் கூடும். அட்வான்ஸை அடைக்கிற நாள், அடுத்த சீசனுக்கு அப்புறம் வரும் மழைக்கு ஓரிரு மாதம் முன்னாலேயே வந்துவிடும். மூன்று மாத அவகாசம் இருந்தது. திங்கட்கிழமை கொடுக்கலாம் என்று படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

பிறகு வாசலுக்கு வந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த தார்ப்பாயை எடுத்தாள். வண்டியின் மேல் அதை விரிக்கப் போனபோது உண்ணாமலை உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"மூடாத. மூடிக் கெடந்தா பேட்டரி செத்துப்போவுதுன்னு அவன் சொல்லுவான். தெனமும் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி உடு."

"எனக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாதுங்களே அத்தை."

"யாரு உன்னைய ஓட்டச் சொன்னா? நின்ன இடத்துல ஓடட்டும்."

சுகன்யா சாவியை எடுத்து வந்தாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு உதைத்தாள். முதல் உதையில் ஒன்றுமில்லை. இரண்டாவது உதையில் இருமியது. மூன்றாவதில் வண்டி பிடித்துக்கொண்டது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் சிவபிரகாஷ் வந்துவிட்டானா என்று எட்டிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் அணைக்கவில்லை. எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழ, நின்ற இடத்திலேயே வண்டி அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.